உதவி: 9Ω சுமைக்கு ஏன் உச்ச வலு வரேல்லை?

உப்புவெளிப் பெடியன்: அண்ணைமார், அவசரம், நாளைக்கு டியூசனில பேப்பர். 12V பற்றரி, 6Ω, 3Ω, எல்லாம் வரிசையில. சுமைக்கு உச்ச வலு வர எவ்வளவு தடை போடவேணும்? 6+3=9 எண்டு எழுதினன். சேரின்ர விடை 2Ω.

கடற்காற்று: சுமையை எங்க போட்டிருக்கு தம்பி? எல்லாத்தோடயும் வரிசையிலயெண்டா 9 சரி. அகத்தடை இருக்கோ?

உப்புவெளிப் பெடியன்: 3Ωவின்ர ரெண்டு முனையிலயும். அகத்தடை இல்லை.

பழைய ரேடியோ: படமும் இல்லாமல், முனையும் சொல்லாமல் கேள்வி கேக்கக்கூடாது. சுமையைக் கழட்டு. வெறும் முனையில 12×3/9 = 4V. பிறகு பற்றரியை எடுத்துப்போட்டு அந்த இடத்தில கம்பியால இணை. இப்ப அந்த முனையிலயிருந்து உள்ள பார்: 6உம் 3உம் சமாந்தரம், 18/9 = 2Ω. நீ பற்றரிப் பக்கத்திலயிருந்து பார்த்தாய், அதுதான் 9.

கடற்காற்று: இனி 4V, 2Ω எண்டே நினை. சுமை 1Ω எண்டா 1.78W, 2Ω எண்டா 2W, 4Ω எண்டா திரும்ப 1.78W. உன்ர 9Ωக்கு 1.19W. தடை குறைய மின்னோட்டம் கூடும், ஆனா சுமையில அழுத்தம் விழும். கூடினா மறுபக்கம். ரெண்டும் சமப்படுற இடம் 2Ω.

நிலாவெளிப் படகு: எங்கட போட் பற்றரியின்ர அகத்தடை 0.02Ω எண்டு ஒருத்தர் சொன்னவர். அப்ப லைற்றும் 0.02Ω இருந்தாத்தான் நல்லாய் எரியுமோ?

கடற்காற்று: வேண்டாம் அண்ணை! 300A இழுக்கும், பாதி வலு பற்றரிக்குள்ளயே சூடாகும். சுமையை மூலத்தின்ர தடைக்குச் சமனாப் பொருத்துறது, அந்தத் தடையை மாத்தேலாத இடத்தில கூடின வலு எடுக்க. உங்களுக்கு வேண்டியது பற்றரி கனநேரம் நிக்கிறது.

பழைய ரேடியோ: அதேதான். பொருத்தினா எப்பவும் 50% வீண். இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கவேணும்.

ஆய்வுகூட அக்கா: "எப்பவும்" எண்டது பிழை. இந்தச் சுற்றிலயே பாருங்கோ. 2Ω போட்டா 3Ωவோட சேர்ந்து 1.2Ω, மொத்தம் 7.2Ω, பற்றரி 1.67A குடுக்குது. அது 20W. சுமைக்கு வாறது 2W, பத்தில ஒண்டு. சுமையைக் கழட்டினாலும் பற்றரி 16W எரிக்கும், ஆனா அந்த 4V, 2Ω சமானச் சுற்றில அது பூச்சியம். சமானச் சுற்று சுமைப் பக்கத்துக்கு மட்டுந்தான் உண்மை சொல்லும், உள்ள என்ன எரியுதெண்டு சொல்லாது.

பழைய ரேடியோ: பரீட்சையில 50 எண்டுதான் புள்ளி குடுப்பினம்.

ஆய்வுகூட அக்கா: கேள்வியில ஒரு மூலமும் ஒரு தொடர்த்தடையும் மட்டும் இருந்தா 50 சரி. இந்தச் சுற்றுக்கு அப்பிடி எழுதினா நான் புள்ளி குடுக்கமாட்டன்.

கடற்காற்று: தம்பி, இதை 6Ω வச்சுச் செய்துபாக்காத. அந்தத் தடையிலயே 16W மேல எரியும், சின்னத் தடை கருகிப்போகும். 6kΩ, 3kΩ எடு.

உப்புவெளிப் பெடியன்: 6kΩ, 3kΩ போட்டுப் பார்த்தன். 4V காட்டினது, 2kΩ வச்சவுடன 2V ஆச்சு. நன்றி. பேப்பருக்குப் போறன்.