126 எடுத்தும் செட் பாஸ் இல்லையா?

கடலூர் கவி: உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வான செட்டில், வணிகவியலில் 300க்கு 126 வாங்கினேன், அதாவது 42%. நான் பொதுப்பிரிவு, தகுதி மதிப்பெண் 40%தானே? அப்புறம் ஏன் பட்டியலில் என் எண் இல்லை?

நெல்லைப் பேராசிரியர்: 40% என்பது வாசல்படிதான். இரண்டு தாளும் எழுதியவர்களில் 6% பேரைத்தான் தேர்ச்சி என்று அறிவிப்பார்கள். அந்த இடங்களை முதலில் இடஒதுக்கீட்டின்படி பிரித்து, பிறகு பாடவாரியாகப் பங்கிடுவார்கள். கணக்குக்காக, உங்கள் பிரிவுக்கு 600 இடம் என்று வையுங்கள். எல்லாப் பாடத்திலும் சேர்த்து அந்தப் பிரிவில் 40% தாண்டியவர்கள் 5,000 பேர், அதில் வணிகவியல் 400 பேர். அப்போது வணிகவியலுக்கு 600 × 400 ÷ 5000 = 48 இடம். 48ஆவது ஆள் எடுத்த மார்க்தான் கட்-ஆஃப். அதே மார்க் எடுத்த மற்றவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அது 164 என்றால் 126க்கு வழியில்லை.

மதுரைக்காரன்: இது அநியாயம் சார். தகுதித் தேர்வு என்று பெயர் வைத்துவிட்டு போட்டித் தேர்வு நடத்துகிறார்கள். 40% எடுத்தவர் தகுதியானவர் என்றால் சான்றிதழ் கொடுக்க வேண்டியதுதானே?

நெல்லைப் பேராசிரியர்: பெயர் பொருந்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 40% தாண்டிய எல்லோருக்கும் கொடுத்தால், கல்லூரி நேர்காணல் வாசலில் அதே கூட்டம் நிற்கும்.

மதுரைக்காரன்: நிற்கட்டுமே! பாடம் நடத்தத் தெரிந்தவரை அங்கே தேர்ந்தெடுக்கலாமே.

சேலம் மலர்: எனக்கு செட் கிடைத்துவிட்டது, 58%. மார்க் அதிகம் என்பதால் வேலைக்கு முன்னுரிமை உண்டுதானே?

நெல்லைப் பேராசிரியர்: யுஜிசி 2018 விதியில் செட் மார்க்குக்கு எடை கிடையாது மேடம். கல்லூரி உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களை வடிகட்டும் அட்டவணையில் செட்டுக்கு 5 புள்ளி, தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கு 8, ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப்போடு நெட் என்றால் 10. நீங்கள் 58 எடுத்தாலும் 70 எடுத்தாலும் அதே 5தான். அதுவும் நேர்காணலுக்கு அழைப்பதோடு சரி, தேர்வு நேர்காணலில்தான்.

மதுரைக்காரன்: பிஎச்டிக்கு 25 என்பதையும் சொல்லுங்கள்! அந்த 5 எந்த மூலைக்கு?

சேலம் மலர்: போன வருஷம் பெங்களூரு கல்லூரி ஒன்றுக்கு என் தோழி தமிழ்நாட்டு செட்டோடு போனாள். சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாது" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

நெல்லைப் பேராசிரியர்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். 2002 ஜூன் 1க்கு முன் தேர்ச்சி பெற்ற செட் எங்கும் செல்லும். அதற்குப் பிறகு வாங்கியது தேர்வு நடத்திய மாநிலத்துக்குள் மட்டும். வெளியே போக நினைப்பவர் நெட் எழுதுவது நல்லது.

மதுரைக்காரன்: அப்படியென்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம்? இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் டெல்லியில்.

நெல்லைப் பேராசிரியர்: இடத்தைப் பார்த்தால் செல்ல வேண்டும் என்பது என் வாசிப்பு. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் விளம்பரத்தின் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

மதுரைக்காரன்: உங்கள் வாசிப்பை அவர்கள் ஏற்பார்களா சார்?

கடலூர் கவி: சரி, 126 போச்சு. அடுத்த நெட்டுக்கு வணிகவியல் தாளை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?