ஏஐ-யில் புடவை நிறம் மாற்றினால் வளையல் உருகுகிறது, உதவி தேவை

வணக்கம். ஒரு ஜவுளிக்கடைக்குப் படம் திருத்தித் தருகிறேன். சிவப்புப் புடவை மாடலின் படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷனில் பச்சையாக்கினால், இடுப்பில் வைத்த கையில் விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன, நான்கு வளையல் ஒரே பட்டையாகிறது. முந்தானையில் தொங்கும் சீட்டிலுள்ள தமிழ் எழுத்தோ வெறும் கிறுக்கல்.

காரணம் ஓரளவு புரிகிறது. ஏஐ படத்தை அப்படியே பார்ப்பதில்லை; 8-க்கு 8 பிக்சலை ஒரே கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. என் வளையல் ஐந்தாறு பிக்சல் தடிமன், ஒரு கட்டத்துக்குக்கூட வராது. அதனால் குத்துமதிப்பாக வரைந்துவிடுகிறது. மாஸ்க் போடாத இடமும் இதே சுருக்கலுக்குப் போய் வருவதால் அங்கும் லேசாக மாறலாம்.

இப்போது கை, வளையல், சீட்டு மூன்றையும் மாஸ்க்குக்கு வெளியே விட்டு, Only masked வைத்து ஓட்டுகிறேன். பிறகு ஜிம்பில் பழைய படத்தை மேல் லேயராக்கி Difference மோடில் பார்ப்பேன். மாறாத இடம் கறுப்பாகத் தெரியும். வளையல் மேல் வெளிச்சம் தெரிந்தால் மாறிவிட்டது என்று அர்த்தம். அங்கே லேயர் மாஸ்க்கில் அசல் கையையே திரும்பக் கொண்டுவருகிறேன். எழுத்துக்கும் இதேதான், ஏஐ-யிடம் திரும்ப எழுதச் சொல்வது வீண்வேலை.

சரி, சிக்கல் இதுதான்: அசல் வளையலின் தங்கத்தில் பழைய புடவையின் சிவப்பு பிரதிபலிக்கிறது. பச்சைப் புடவை மேல் அது வெட்டி ஒட்டியது போல நிற்கிறது. தங்க நிறம் கெடாமல் அந்தச் சிவப்பை மட்டும் எப்படி எடுக்கிறீர்கள்?