பாடக் காணொலியில் "முடியாது" என்ற சொல் காணாமல் போனது: உங்கள் அனுபவத்தையும் பகிருங்கள்

இயற்பியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகக் குவிலென்ஸ் உருவாக்கும் பிம்பங்களைப் பற்றி 16 ஸ்லைடுகள் தயாரித்து, பவர்பாயிண்டிலேயே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் குரல் பதிவு செய்து, காணொலியாக மாற்றி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவியின் குறிப்பேட்டில், "பொருள் குவியத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் இருந்தால் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியும்" என்று எழுதியிருந்தது. இன்னும் நான்கு பேர் அவ்வாறே எழுதியிருந்ததால், அது அந்தப் பிள்ளைகளின் பிழையாக இருக்காது என்று தோன்றியது.

காணொலியை மறுபடி கேட்டபோது, ஏழாம் ஸ்லைடின் முடிவில் என் குரல் "பிடிக்க மு" என்பதோடு நின்றிருந்தது. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த இடைவெளியில் குரல் பதிவாவதில்லை என்பதை அறியாமல், கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டே நான் அடுத்த ஸ்லைடுக்குச் சொடுக்கியிருக்கிறேன். நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது. ஆகவே கடைசி அரை நொடி போய்விட்டால் ஒரு சொல் மட்டும் குறைவதில்லை. உண்டா இல்லையா, ஆகுமா ஆகாதா என்பதே தெரியாமல் போகிறது. பிள்ளைகள் விடுபட்டதைத் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

பிழை காணொலியாக மாற்றும்போது நேர்ந்ததா, பதிவிலேயே இருந்ததா என்பதை அறிய, ஸ்லைடின் வலது கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கிக் கேட்டேன். அங்கும் முடிவு இல்லை. அப்படியானால் எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. அந்த ஸ்லைடை மீண்டும் பதிவு செய்வதுதான் வழி. 16 ஸ்லைடுகளின் முதல் மூன்று நொடிகளையும் கடைசி மூன்று நொடிகளையும் மட்டும் கேட்டுப் பார்த்ததில் ஐந்து இடங்களில் இக்குறை இருந்தது. இதைப் போன்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

கணினி ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி

ஸ்லைடுவாரியாகப் பதிவு செய்ததே இதற்குக் காரணம், அம்மா. நான் முழுப் பாடத்தையும் கைபேசியில் ஒரே ஓட்டமாகப் பேசிப் பதிவு செய்துவிட்டு, பிறகு ஸ்லைடுகளைப் படங்களாக எடுத்து அந்தக் குரலின்மேல் அடுக்கிவிடுவேன். குரல் எங்கும் அறுபடாது. மேலும், மாணவர்கள் 6 நிமிடத்துக்கு மேல் காணொலியிலிருந்து எதையும் கற்பதில்லை என்று ஆய்வே நிறுவியிருப்பதால், உங்கள் பாடத்தை மூன்றாகப் பிரித்துவிடுவது நல்லது.

விரிவுரையாளர், பாலிடெக்னிக் கல்லூரி

ஒரே ஓட்டமாகப் பேசினால் குரல் அறுபடாது என்பது உண்மைதான். ஆனால் ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு தவறு இருப்பது அடுத்த ஆண்டு தெரியவந்தால், அந்த இடத்தில் புதிய குரலைப் பொருத்தி, அதற்குப் பின்வரும் எல்லா ஸ்லைடுகளையும் நகர்த்த வேண்டியிருக்கும். ஸ்லைடுவாரியான பதிவில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். 6 நிமிடம் என்பது பிலிப் குவோவும் அவருடைய உடனாய்வாளர்களும் 2014-இல் எட்எக்ஸ் இணையப் படிப்புகளின் காணொலிகளை ஆராய்ந்து சொன்னது. அவர்கள் அளந்தது மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே. எவ்வளவு கற்றார்கள் என்பதை அன்று. பாடத்தைப் பிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருள் தொலைவில் இருக்கும் நிலைகள் ஒரு பகுதி, குவியத்துக்குள் இருக்கும் நிலை மற்றொரு பகுதி என்று கருத்து முடியும் இடத்தில் பிரிக்க வேண்டுமே தவிர, கடிகாரத்தைப் பார்த்து வெட்டக் கூடாது.

ஆசிரியை அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். `Transitions` பட்டியில் எல்லா ஸ்லைடுகளுக்கும் `None` என்று வையுங்கள். ஸ்லைடு வந்த பின் ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்கி, பேசி முடித்த பின்னும் ஒரு நொடி பொறுத்துச் சொடுக்குங்கள். பழுதான ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து `From Current Slide` வழியாகப் பதிவு செய்து, அடுத்த ஸ்லைடுக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின்னர் காணொலியாக்கும்போது `Use Recorded Timings and Narrations` என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் குரல் இல்லாமல், ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே அளவு நேரம் நின்று நகரும்.

நான் இப்போது அமைதி நேரத்தை என் பொறுமைக்கு விடுவதில்லை. ஸ்லைடைப் படமாகவும் குரலைத் தனிக் கோப்பாகவும் வைத்துக்கொண்டு, முன்னால் 0.7 நொடியும் பின்னால் ஒரு நொடியும் தானாகவே சேரும்படி, கட்டளை எழுதி இயக்கும் ffmpeg என்ற நிரலால் இணைக்கிறேன்:

```
ffmpeg -loop 1 -framerate 25 -i 07.png -i 07.wav \
 -af "adelay=700:all=1,apad=pad_dur=1" -c:v libx264 \
 -pix_fmt yuv420p -c:a aac -ar 48000 -shortest 07.mp4
```

இதில் எல்லாத் துண்டுகளின் ஒலி மாதிரி வீதத்தையும் ஒன்றாக்கும் `-ar 48000` என்பதைச் சேர்க்கக் கற்றது ஒரு தவறுக்குப் பிறகுதான். சில ஸ்லைடுகளுக்கு 44100 ஹெர்ட்ஸ் வீதத்திலும், திருத்திய மூன்றுக்கு மட்டும் கைபேசி வழியாக 48000 ஹெர்ட்ஸிலும் பதிவு செய்து, துண்டுகளை அப்படியே ஒட்டினேன். அந்த மூன்று இடங்களிலும் என் குரல் கனத்து, மெதுவாக, வேறொருவர் பேசுவதுபோல் ஒலித்தது. இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு: அனிமேஷன் எதுவும் வராது, படம் அசையாமலே நிற்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

எனக்கும் சொற்கள் காணாமல் போயின. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடுகளை மகனின் கணினியில் திறந்து காணொலியாக்கினேன். அதில் அந்த எழுத்துரு இல்லாததால் முழுப் பாடமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது. யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே சரியாயிற்று. உங்கள் ஸ்லைடிலும் "முடியாது" என்ற சொல்லை யூனிகோடில் தட்டச்சு செய்து பாருங்கள்.

இயற்பியல் ஆசிரியை

ஐயா, என் பாடத்தில் விடுபட்டது எழுத்தன்று, குரல். ஆயினும் உங்கள் பதில் ஒன்றைக் கவனிக்க வைத்தது. ஏழாம் ஸ்லைடில் கதிர்ப்படம் மட்டுமே இருந்தது. "திரையில் பிடிக்க முடியாது" என்ற வாக்கியம் அங்கே எழுதப்பட்டிருந்தால், குரல் அறுபட்டும் பிள்ளைகள் தவறியிருக்க மாட்டார்கள். எனவே நான் பேசுவதை முழுவதுமாக எழுதியும் காட்டிவிடலாமா என்று நினைக்கிறேன்.

விரிவுரையாளர்

முழுவதுமாக வேண்டாம், அம்மா. கண் வாக்கியத்தைப் படிக்கும்போது கதிர்ப்படத்தைப் பார்க்காது. படத்தை விளக்கும் குரலோடு அதே சொற்களைத் திரையிலும் இட்டால் கற்றல் குறையக்கூடும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் கண்டது. கதிர்களைப் பின்னோக்கி நீட்டும் புள்ளிக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் "மாயபிம்பம், திரையில் விழாது" என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் நீங்கள் அந்தப் புள்ளிக்கோடுகளைப் பற்றிப் பேசும் நொடியில் தோன்றட்டும்.

கணினி ஆசிரியர்

என் மாணவர்களில் பலர் இரவில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தைத் தவிர வேறு வழியில்லை.

விரிவுரையாளர்

அதற்கு வேண்டியபோது மறைக்கக்கூடிய வசனவரியைத் தனியாகச் சேர்க்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பில் மாணவர் அதைத் தாமாக மறைக்கவோ காட்டவோ இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

இயற்பியல் ஆசிரியை

நேற்று ஐந்து ஸ்லைடுகளையும் மீண்டும் பதிவு செய்தேன். கதிர்ப்படத்தை ஒரே ஸ்லைடில் வைத்துக்கொண்டேன். ஸ்லைடுக்குள்ளேயே கதிர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும்போது குரல் அறுபடுவதில்லை. ஆனால் மூன்றாவது கதிருக்குச் சொடுக்க மறந்ததால், அந்த ஒரு ஸ்லைடை மட்டும் நான்கு முறை பேச நேர்ந்தது. 11 நிமிடம் 40 நொடியாக இருந்த பாடம் இப்போது 12 நிமிடம் 5 நொடி. கணினியில் கேட்டதோடு நில்லாமல், என் மகளின் கைபேசியில் சமையலறையிலிருந்து ஒருமுறை கேட்டேன். ஏழாம் ஸ்லைடின் "முடியாது" தெளிவாகக் கேட்டது. பதினொன்றாம் ஸ்லைடில் "சிறியது" என்பது மட்டும் மெலிந்து கேட்கிறது. வாக்கியம் முடியும்போது குரலைத் தாழ்த்தும் என் பழக்கமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்; அந்த ஒன்றை இன்று மாலை மறுபடி பேசப் போகிறேன்.