டாலர் நோட்டை விற்கப் போனால் போர்டில் எந்த ரேட்? உங்களுக்கு என்ன ஆனது, எழுதுங்கள்

தண்டையார்பேட்டை வாசு

கப்பலில் இருக்கும் மச்சான் லீவில் வந்தான். கையில் 600 டாலர், எல்லாம் நூறு டாலர் நோட்டு. வீட்டுப் பக்கத்துக் கிளையில் 'வெளிநாட்டு நோட்டு இங்கே எடுப்பதில்லை' என்று சொல்லிப் பாரிமுனைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே கவுன்ட்டருக்கு மேலே டிவி மாதிரி ஒரு போர்டு. டாலர் வரிசையில் TT BUY 83.20, TT SELL 84.05, அதற்கு அந்தப் பக்கம் CN BUY 82.25, CN SELL 84.35. மச்சான் 84.35-ஐக் காட்டி, "மாமா, நாம விக்கிறோம், SELL போடுவாங்க" என்றான். கவுன்ட்டரில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "போர்டு பேங்கோடது சார், விக்கிறது பேங்க் விக்கிறது" என்றார். சரி, அது புரிந்தது. நான் விடவில்லை. "அப்போ BUY 83.20 தானே மேடம்?" என்றேன். அவர் பேனாவை எடுத்து எதுவும் பேசாமல் போர்டைக் காட்டினார், 83.20-ஐத் தாண்டி, 84.05-ஐத் தாண்டி, 82.25-க்குப் போய் நின்றது அந்தப் பேனா. அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே பேங்க், ஒரே டாலர், இரண்டும் BUY. நடுவே 95 காசு, 600 டாலருக்கு 570 ரூபாய். இது எந்த ஊர் நியாயம்? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

திருவொற்றியூர் ஷர்மிளா

எங்கள் வீட்டில் யென். அண்ணன் ஜப்பானிலிருந்து 30,000 யென் நோட்டாகக் கொண்டு வந்தான். பேங்க் போர்டில் யென் வரிசையில் CN BUY 53.20 என்று இருந்தது. எங்கள் மாமியார் மனக்கணக்கில் கெட்டி. அங்கேயே நின்று பெருக்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, "ஷர்மி, பதினாறு லட்சம்டி!" என்றார், கவுன்ட்டருக்கே கேட்கிற மாதிரி. யென் என்றால் போர்டில் நூறு யென்னுக்குத்தான் விலை போடுவார்கள், அது ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. வந்தது 15,960, அதிலும் வரி கழித்து. வீடு வரும்வரை அவர் பேசவே இல்லை.

வாசு கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் எங்களுக்கும் CN என்று போட்ட இடத்து ரேட்தான் கொடுத்தார்கள்.

மண்ணடி கடைக்காரர்

வாசு, நீங்கள் விட்டிருக்கக் கூடாது. வாடிக்கையாளர் விற்றால் பேங்க் வாங்குகிறது, அதற்கு BUY ரேட், இதில் சந்தேகமே இல்லை. அந்த BUY என்பது ரிசர்வ் வங்கி தினமும் சொல்கிற ரேட். அதைத்தான் முதல் இடத்தில் போடுகிறார்கள். மற்றதெல்லாம் கிளை தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்வது. மேனேஜரிடம் போய் எழுதிக் கேட்டிருந்தால் 83.20 கொடுத்திருப்பார்கள். அப்புறம் வரி வேறு 18 சதவீதம் பிடிப்பார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள், பேங்கில் டாலர் மாற்றுகிறவன் ஏமாளி. நான் சிங்கப்பூர் போய் வந்தால் மிச்ச டாலரை மூர் தெருவுக்குப் பக்கத்திலேயே மாற்றிவிடுவேன், பத்து நிமிஷ வேலை.

பழைய ஃபாரெக்ஸ் கவுன்ட்டர்

பணியில் இருந்த காலத்தில் பெரும்பகுதி இந்த வெளிநாட்டுப் பணக் கவுன்ட்டரில்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கடைக்காரரே, முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. போர்டில் உள்ள எந்த ரேட்டையும் ரிசர்வ் வங்கி போடுவதில்லை. தினமும் ஒரு ரெஃபரன்ஸ் ரேட் வருகிறது, 2018-லிருந்து அதை வெளியிடுவது எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு. அது கணக்குக்கு ஒரு அளவுகோல், அந்த ரேட்டில் யாரும் கவுன்ட்டரில் கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை. போர்டு ரேட்டை அந்தந்த வங்கியின் ட்ரெஷரி காலையில் மார்க்கெட்டைப் பார்த்துப் போட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புகிறது. மேனேஜரிடம் எழுதிக் கேட்டாலும் நோட்டுக்கு 83.20 வராது.

வாசு கேட்ட 95 காசு விஷயம் இதுதான். TT என்றால் பணம் கம்பி வழியாக வருவது. யாரோ வெளிநாட்டிலிருந்து உங்கள் கணக்குக்கு டாலர் அனுப்பினால் அந்த டாலர் நியூயார்க்கில் எங்கள் வங்கியின் கணக்கில் விழுந்துவிடும், விழுந்த நிமிஷமே அதை விற்றுவிடலாம். அதனால் நல்ல ரேட் கொடுக்க முடிகிறது. CN என்றால் கரன்சி நோட்டு. உங்கள் மச்சானுடைய ஆறு நோட்டை நான் வாங்கினால் முதலில் அது நல்ல நோட்டா என்று பார்க்க வேண்டும், மூலை கிழிந்ததா, பேனாவில் கிறுக்கியதா, நிறம் மாறியதா என்று. பிறகு அது லாக்கரில் கிடக்கும். கிடக்கிற வரை ஒரு பைசா வட்டி கிடையாது. வெளிநாடு போகிற யாராவது நோட்டாகக் கேட்டு வந்தால்தான் போகும், இல்லையென்றால் சேர்த்து வைத்து, கட்டி, இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்ப வேண்டும். அந்தச் செலவெல்லாம் அந்த 95 காசில் இருக்கிறது. லாபமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நோட்டில்தான் வாங்குவதற்கும் விற்பதற்கும் இடைவெளி மிக அகலம். வாசு சொன்ன போர்டிலேயே பாருங்கள், TT-யில் 85 காசு, CN-இல் 2 ரூபாய் 10 காசு.

வரி 18 சதவீதம் என்பது மொத்தப் பணத்துக்கு இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று வைத்து அதன் மேல் 18 சதவீதம். 600 டாலர் 82.25-க்கு 49,350 ரூபாய். அதில் ஒரு சதவீதம் 493.50. அதற்கு ஜி.எஸ்.டி. 88.83. கையில் வந்தது 49,261 சொச்சம் இருந்திருக்க வேண்டும், வாசு ரசீதைப் பாருங்கள். சின்னத் தொகை மாற்றினால்தான் இது உறைக்கும், எவ்வளவு குறைவாக மாற்றினாலும் அந்த மதிப்பைக் குறைந்தது 250 ரூபாய் என்று எடுப்பார்கள், அதாவது 45 ரூபாய் வரி. இருபது டாலரைத் தனியாக மாற்றப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

தண்டையார்பேட்டை வாசு

ரசீதில் 49,261.17. சரியாகச் சொல்லிவிட்டீர்கள் சார். ஆனால் விளக்கம் சரி என்பதற்காக 570 ரூபாய் மனசை விட்டுப் போகவில்லை.

கொருக்குப்பேட்டை சதீஷ்

95 காசுக்கே இப்படியா. என் கதையைக் கேளுங்கள். தம்பிக்கு அமெரிக்கா போக ஏற்பாடு, அப்பா அவசரப்பட்டு விசா கைக்கு வருவதற்கு முன்பே 1,000 டாலர் நோட்டாக வாங்கிவிட்டார், CN SELL 84.40. விசா மறுத்துவிட்டார்கள். அதே வாரம் அதே பேங்க், அதே கவுன்ட்டர், அதே பையன். அவன் கொடுத்த நோட்டு கவரைக்கூடப் பிரிக்கவில்லை, ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. CN BUY 82.30 என்றான். அப்பா கவரைத் திருப்பிக் காட்டி, "தம்பி, இது நீ குடுத்ததுப்பா" என்றார். அவன் என்ன செய்வான். 2,100 ரூபாய் ரேட்டில் போச்சு, வாங்கும்போது 150 விற்கும்போது 150 வரி, ஆக 2,400. தம்பி வீட்டிலேயேதான் இருக்கிறான்.

எண்ணூர் செல்வம்

எனக்கும் இதே அநியாயம் நடந்தது. மகன் துபாயிலிருந்து மாதா மாதம் அனுப்புகிறான், அவன் ஃபோனில் ஒரு ரேட் பார்க்கிறான், என் கணக்கில் வேறு ரேட்டில் ஏறுகிறது. பேங்க் எல்லாம் ஒரே கூட்டம். என் யோசனை, வாசு, உங்கள் மச்சான் நோட்டாகக் கொண்டு வருவதையே நிறுத்தச் சொல்லுங்கள். சம்பளத்தைக் கணக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள். ஊரில் இருக்கிறவர்கள் வெளிநாடு போய் வந்தால் ஆர்.எஃப்.சி. டொமஸ்டிக் என்று ஒரு கணக்கு இருக்கிறது, மிச்ச டாலரை டாலராகவே போட்டு வைக்கலாம், வட்டி கிடையாது. 2,000 டாலர் வரை நோட்டாகவே வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நான் சொல்கிறேன், எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகலும் இரண்டு எடுத்து வையுங்கள், ஒன்று கேட்டால் இரண்டு கொடுங்கள்.

பழைய ஃபாரெக்ஸ் கவுன்ட்டர்

செல்வம் ஐயா, உங்கள் மகன் அனுப்புவது கம்பி வழிப் பணம். அதற்கு TT BUY, வாசுவின் நோட்டுக்கு CN BUY, இரண்டும் வேறு வரிசை. உங்கள் மகன் ஃபோனில் பார்ப்பது பெரும்பாலும் வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவில் உள்ள மார்க்கெட் ரேட், அது யாருக்கும் கவுன்ட்டரில் கிடைக்காது. 2,000 டாலர், 180 நாள் சொன்னது ஊரில் குடியிருப்பவர்களுக்குச் சரி. கப்பல்காரர்கள் வருஷத்தில் எத்தனை நாள் வெளியே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவர்கள் கணக்கு மாறும்.

மண்ணடி கடைக்காரர்

சரி, போர்டு விஷயம் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் மணி சேஞ்சர் கடையில் இதே நூறு டாலர் நோட்டுக்கு பேங்க்கைவிட முப்பது நாற்பது காசு கூடக் கொடுக்கிறார்களே, அவர்களுக்கும் லாக்கர், இன்ஷூரன்ஸ் செலவு உண்டுதானே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய ஃபாரெக்ஸ் கவுன்ட்டர்

அவர்களிடம் நோட்டு தங்குவதில்லை. காலையில் வாங்கியதை மாலைக்குள் வெளிநாடு போகிறவரிடம் விற்றுவிடுவார்கள், அதனால் குறைந்த இடைவெளியில் ஓட்ட முடிகிறது. லைசென்ஸ் உள்ள கடையா என்று சுவரில் பாருங்கள், ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் ஐம்பது காசு கூடக் கொடுக்கிறேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். போர்டைப் பார்க்க வேண்டாம், 'இத்தனை டாலர் நோட்டு, வரி போக என் கையில் எவ்வளவு ரூபாய்' என்று மட்டும் இரண்டு இடத்தில் கேளுங்கள்.

திருவொற்றியூர் ஷர்மிளா

ஒரு சந்தேகம் சார். நாங்கள் டோக்கன் எடுத்து உட்கார்ந்தபோது போர்டில் 53.20, எங்கள் முறை வருவதற்குள் போர்டு மாறி 53.05 ஆகிவிட்டது. ரசீதில் 53.20 போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவருக்குப் புது ரேட் என்று சொல்லிச் சண்டை. எது முறை?

பழைய ஃபாரெக்ஸ் கவுன்ட்டர்

எங்கள் கிளையில் சிஸ்டத்தில் என்ட்ரி போடும் நேரத்து ரேட்தான். நடுவில் புது ரேட் வந்தால் பழையதில் போட முடியாது, சிஸ்டமே விடாது. உங்களுக்கு எப்படி 53.20 விழுந்தது என்று எனக்கும் புரியவில்லை, ஒருவேளை முன்னாடியே என்ட்ரி போட்டு வைத்திருப்பார்கள்.

கொருக்குப்பேட்டை சதீஷ்

இல்லை சார், அவங்க மாமியார் போட்ட சத்தத்துக்குப் பயந்து கொடுத்திருப்பாங்க.