கான்டாக்ட் லென்ஸ் கண்ணுக்குள் ஒதுங்கிவிட்டதா, வெளியே விழுந்துவிட்டதா?

வலது கண்ணில் மாதாந்திர சாஃப்ட் லென்ஸ், பவர் -4.5. காலையில் போட்டேன். இரவு கழற்றப் போனால் கருவிழி மேல் லென்ஸைக் காணவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தால் எல்லாம் மங்கல், அதனால் அது நடுவில் இல்லை என்பது நிச்சயம். ஆனால் மேல் இமைக்கடியில் ஏதோ உறுத்துகிறது.

போடும் முன் விரல் நுனியில் வைத்துப் பார்த்தேன்: விளிம்பு வெளிப்பக்கம் விரியாமல் கிண்ணம் மாதிரி நின்றது, ஆக உள்வெளி மாறவில்லை.

லென்ஸுக்கான சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி, இமையை மூக்குப் பக்கமாக மெல்ல நீவினேன். மடிந்த லென்ஸ் இருந்தால் ஓரத்துக்கு வந்திருக்க வேண்டும். கீழே பார்த்தபடி மேல் இமையைத் தூக்கியும் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. தரையிலும் வாஷ்பேசினிலும் இல்லை. லேசான சிவப்பு மட்டும். வலியோ கூச்சமோ இல்லை. வெறும் கண்ணைக் கிள்ளிக் கீறிவிடக் கூடாதென்று விரல் வைப்பதை நிறுத்திவிட்டேன். காலையிலும் உறுத்தினால் கண் மருத்துவர்தான்.

இந்த உறுத்தல் மடிந்த லென்ஸாலா, அது விழுந்தபோது ஏற்பட்ட கீறலாலா என்று வீட்டிலேயே பிரித்தறிய வழி உண்டா?