தண்டையார்பேட்டையில் மாத்திரை, லீட்ஸில் நினைவூட்டல்: ஒரு மணி நேரம் எங்கே பிசகியது?

கேள்வி, லீட்ஸிலிருந்து, மே 1

கடந்த ஜனவரியில் வேலைக்காக இங்கிலாந்து வந்தேன். மனைவி தண்டையார்பேட்டையில் தன் தாயாருடன் இருக்கிறார். இது எங்கள் முதல் குழந்தை. கடைசி மாதவிலக்கு 2024 நவம்பர் 18, ஆகவே குறித்துக் கொடுத்த பிரசவ நாள் ஆகஸ்ட் 25. தொலைவில் இருப்பதால் பரிசோதனை நாட்களையும் மாத்திரை நேரங்களையும் இருவர் அலைபேசியிலும் ஒலிக்கும் பொதுப் பட்டியலாக நானே அமைத்திருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை பிப்ரவரி 24 முதல் நாளுக்கு ஒன்று. பட்டியலில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஆனால் பிப்ரவரியில் 11.2 இருந்த ஹீமோகுளோபின் ஏப்ரல் 28 அன்று 10.2 ஆகிவிட்டது, மருத்துவர் மாத்திரையை நாளுக்கு இரண்டாக்கிவிட்டார். என்னுடன் வேலை செய்பவரின் மனைவிக்கு இங்கே முதல் பன்னிரண்டு வாரம் ஃபோலிக் அமிலமும், தொடர்ந்து 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி-யும் மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லையா, அல்லது தேவையே இல்லையா?

டொராண்டோவில் இருப்பவர்

அழைத்துக்கொள்வதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். இருபத்தெட்டு வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கும். என் மனைவியை அழைத்து வந்தபோது கடிதத்தில் வாரக் கணக்கு எழுதப்படாததால் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றோம்.

கேட்டவர்

நன்றி, ஆனால் பிரசவம் சென்னையில்தான். என் கேள்வி மாத்திரையைப் பற்றியது.

ஷார்ஜாவில் இருக்கும் பெரம்பூர்க்காரர்

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று என் அக்காவுக்குச் சொன்னார்கள். மேலும், எல்லா மாத்திரையையும் சாப்பாட்டு வேளையில் ஒன்றாகப் போட்டுவிட்டால் மறதிக்கு இடமிருக்காது. எங்கள் வீட்டில் கால்சியமும் இரும்பும் ஒரே வாயில்தான் போயின.

ராயபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர், தற்போது மகனுடன் மெல்போர்னில்

பெரம்பூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி. எலுமிச்சை இரும்பு ஏறுவதற்கு உதவும். வெறும் வயிற்றில் நன்றாக ஏறும் என்பதும் உண்மை. ஆனால் குமட்டல் வந்து பெண் மாத்திரையையே நிறுத்திவிடுவாள், அதனால்தான் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று சொல்கிறோம். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடுவது மட்டும் கூடாது. கால்சியம் இரும்பை ஏறவிடாது; இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். தேநீர், காபி, பால் ஆகியவையும் இரும்பு மாத்திரையின் பக்கத்தில் வரக்கூடாது.

லீட்ஸ் தம்பிக்கு: இரண்டு நாட்டுப் பட்டியலையும் கலக்காதீர்கள். அங்கே இரத்தம் குறைவாக இருப்பது தெரிந்த பிறகுதான் இரும்பு கொடுப்பார்கள். நம் ஊரில் இரத்தசோகை பரவலாக இருப்பதால், இரண்டாம் பருவம் தொடங்கியதும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் குறைந்தது 180 நாட்களுக்கு எல்லோருக்கும் கொடுக்கிறோம். உங்கள் மனைவி எந்த ஊரில் இரத்தம் கொடுத்துப் பார்க்கிறாரோ அந்த ஊர்ப் பட்டியல்தான் அவருக்குரியது.

எண் குறைந்ததை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். ஐந்தாம், ஆறாம் மாதங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் மாத்திரையை ஒழுங்காக எடுப்பவருக்கும் எண் சற்று இறங்கும். ஆனால் ஒரு கிராம் இறங்கியிருப்பதால் கேட்கிறேன். பட்டியலில் இருக்கும் அடையாளத்தை விட்டுவிட்டு, வீட்டில் மீதமிருக்கும் மாத்திரையை எண்ணச் சொல்லுங்கள். பிப்ரவரி 24 முதல் ஏப்ரல் 28 வரை 64 நாள். மாத்திரை அட்டை பொய் சொல்லாது. அத்துடன், நினைவூட்டல் ஒலிக்கும்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றும் கேளுங்கள்.

கேட்டவர், மறுநாள்

எண்ணிப் பார்த்தோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது 90, ஏப்ரல் 28 இரவு மீதம் 39. அப்படியென்றால் எடுத்தது 51 மட்டுமே. 13 நாள் விடுபட்டிருக்கிறது. விடுபட்டவை எல்லாம் ஏப்ரலில்தான் என்று மனைவி சொல்கிறார்.

காரணம் என்னிடம்தான் இருந்தது. நினைவூட்டலை லீட்ஸ் நேரம் காலை 9.30 என்று வைத்திருந்தேன். அது சென்னையில் பிற்பகல் 3.00. மார்ச் 30 அன்று இங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அன்று முதல் எனக்கு அதே 9.30, அவருக்கு 2.00. ஒரு மணிக்குச் சாப்பிட்டு, சாப்பாட்டுடன் கால்சியமும் போட்டு முடித்த கையோடு அது ஒலித்திருக்கிறது. சில நாள் அப்போதே இரும்பையும் போட்டிருக்கிறார். சில நாள் பிறகு போடலாம் என்று வைத்திருக்கிறார். பத்து மணி இடைவேளையில் நான் அலைபேசியைப் பார்த்து, எடுத்திருப்பார் என்று எண்ணி முடிந்ததாக அடையாளமிட்டுவிடுவேன். நான் அடையாளமிட்டால் அவருடைய திரையிலிருந்தும் அது மறைந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

செவிலியர்

ஆகவே 13 நாள் மாத்திரையே இல்லை; இன்னும் சில நாள் கால்சியத்தின் பக்கத்திலேயே போயிருக்கிறது. குறைந்த ஒரு கிராமில் நீர்ப்பெருக்கத்தின் பங்கு எவ்வளவு, இதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் இந்த 13 நாளை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை உள்ளே போயும் எண் ஏறவில்லை என்றால் அவர் வேறு காரணம் தேடுவார். போகவே இல்லை என்றால் அது வேறு கதை.

இரண்டு மாத்திரை ஆகிவிட்டதால் நேரத்தையே மாற்றி அமைத்துவிடுங்கள். கால்சியத்தை மதியத்திலிருந்து எடுத்துவிட்டு, காலை எட்டு மணிச் சிற்றுண்டியோடு ஒன்று, இரவு எட்டரைச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு காலை பதினொன்றுக்கு ஒன்று, பிற்பகல் மூன்றரைக்கு ஒன்று. தேநீரை ஐந்து மணிக்குத் தள்ளிவிடலாம். இப்படி வைத்தால் கடிகாரம் ஒரு மணி முன்னே பின்னே போனாலும் இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தொடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். மலச்சிக்கலோ வயிற்றெரிச்சலோ இருந்தால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறந்துவிட்டேன் என்று பெண்கள் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இன்னொன்று. பரிசோதனைகளையும் மாதத் தேதி வைத்துக் குறித்திருந்தால் அழித்துவிட்டு வாரக் கணக்கில் குறியுங்கள். வீட்டில் ஆறாம் மாதம் என்று சொல்வதும் அட்டையில் எழுதுவதும் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் மனைவிக்கு மே 5 அன்று 24 வாரம், ஜூன் 2 அன்று 28 வாரம். இந்த இடைவெளிக்குள் சர்க்கரைப் பரிசோதனை முடிய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். முதல் வருகையில் பார்த்தாயிற்று என்று இதை விட்டுவிடக் கூடாது. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது, மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். எனவே நினைவூட்டலைக் கடைசி வாரத்தில் வைக்காமல் 25ஆம் வாரத்திலேயே வையுங்கள். 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு வாரந்தோறும் என்று வருகை நெருங்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தேதி வேறாக இருந்தால் அதுவே கணக்கு.

தலைவலியோடு கண் மங்குவது, இரத்தப்போக்கு, நீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றுக்கு நினைவூட்டல் கிடையாது. லீட்ஸில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

மென்பொருள் துறையில் இருப்பவர், டப்ளின்

நாட்காட்டியில் நிகழ்வை உருவாக்கும்போது நேர மண்டலத்தைச் சென்னைக்கு நிலைநிறுத்திவிட்டால் கோடைக்கால மாற்றம் அவரைத் தொடாது. கோப்பாக இறக்குவதாக இருந்தால் இந்த இரண்டு வரிகள் இப்படி அமைய வேண்டும்:

```
DTSTART;TZID=Asia/Kolkata:20250503T153000
RRULE:FREQ=DAILY
```

கடிகாரத்தைப் பின்னே தள்ளும் அக்டோபர் 26 அன்று குழந்தை பிறந்திருக்கும். ஆனால் கால்சியம் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடரும் என்பதால் இது அப்போதும் பயன்படும். அடையாளமிடும் உரிமையை அவருக்கு மட்டும் விட்டுவிட்டு, உங்களுக்கென்று ஒரு மணி நேரம் தாமதமான தனி நினைவூட்டலை வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் பெண்மணி

எனக்குத் தைராய்டு இருந்தது. விடியற்காலையில் போடும் தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார்கள். அப்படியானால் செவிலியர் சொன்ன காலை எட்டு மணிக் கால்சியம் என் போன்றவர்களுக்குப் பொருந்தாதே? அத்துடன், இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் போதும் என்று இப்போது சொல்கிறார்களே?

செவிலியர்

ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால் எட்டு மணிக் கால்சியத்தை மதியத்துக்குத் தள்ள வேண்டியதுதான், அம்மா. அப்போது இரும்பின் நேரமும் நகரும். தைராய்டு உள்ளவர் தன் மருத்துவரோடு உட்கார்ந்து தனியாக நேரம் குறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதைப் பற்றி மருத்துவர்களிடையே பேச்சு உண்டு. கர்ப்பிணிக்கு எழுதிக் கொடுத்த அளவை அந்தப் பேச்சை வைத்து நாமே மாற்றக்கூடாது என்பது என் கருத்து. நான் பழைய ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கேட்டவர், ஜூன் 3

நேற்று 28 வாரப் பரிசோதனை முடிந்தது. ஹீமோகுளோபின் 10.8. மே 21 அன்று செய்த சர்க்கரைச் சோதனையில் 118. ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணுகிறேன். மே மாதத்தில் விடுபட்டவை மூன்று. மூன்றுமே காலை பதினொரு மணி மாத்திரை. அந்த நாட்களில் அவர் அம்மாவுக்குத் துணையாகக் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தார், அட்டை வீட்டில் இருந்தது. இப்போது ஓர் அட்டை கைப்பையிலேயே இருக்கிறது.

என் மாமியார் அலைபேசியை நம்புவதில்லை. சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அன்றைய தாளை, இரவுக் கால்சியம் போட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு கணக்கும் கடந்த வாரம் ஒரு நாள் ஒத்துப்போகவில்லை. அட்டையை எண்ணியபோது அவருடையதுதான் சரியாக இருந்தது.