புதுப்பிப்பு: வரைவு உத்தரவில் வாதி, பிரதிவாதி இடம் மாறியது

என் கேள்வி: “பழைய உத்தரவை நகலெடுத்துத் திருத்தியதில் வாதி, பிரதிவாதி தலைகீழாகிவிட்டது. ஒரே தடவையில் மாற்றினால் ‘பிரதிபிரதிவாதி’ என்று வருகிறது. என்ன செய்வது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஐயா சொன்ன இடைக்குறி வழி. இதே வரிசையில் மாற்ற வேண்டும்:

```
பிரதிவாதி → ##
வாதி → பிரதிவாதி
## → வாதி
```

‘வாதி’ என்பது ‘பிரதிவாதி’க்குள்ளேயே இருப்பதுதான் சிக்கலின் வேர். வேற்றுமை உருபுகள் தானாகவே பொருந்திவிட்டன.

எதிர்பாராதது ஒன்று. ‘வழக்கறிஞர் வாதிட்டார்’ என்பது ‘பிரதிவாதிட்டார்’ ஆகிவிட்டது. ‘பிரதிவாதிட்’ என்று தேடி ‘வாதிட்’ ஆக்கினேன். சாட்சியத்திலிருந்து எடுத்த மேற்கோள்களும் மாறியிருந்தன. மூலத்தில் சரியாக இருந்தவை அவை, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருப்பினேன். ஆகவே மேற்கோள் உள்ள உத்தரவில் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 152-இன் கீழ் மனு போட வேண்டும் என்றவர் சொன்னது பாதி சரி. உரிமையியல் வழக்கில் நீதிபதி கையெழுத்திட்ட பிறகுதான் அது தேவை. வரைவை அப்படியே திருத்தலாம். சான்றிட்ட நகலில் தன் பெயர் தவறு என்று கேட்ட சகோதரிக்கு அந்தப் பிரிவே பொருந்தும், அவருடையது உரிமையியல் வழக்காக இருந்து, மூல உத்தரவிலேயே அந்தத் தவறு இருந்தால்.

அடுத்த விசாரணைத் தேதியை நாட்குறிப்போடு ஒப்பிட்டேன், பொருந்தியது. நாட்குறிப்பிலேயே தேதி தவறாக இருந்தால் எதை நம்புவது என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.